பதில் வராத பையருக்கு மீண்டும் எழுதுவது: மூன்று மெயிலா, ஏழு மெயிலா?

கரூரிலிருந்து மேசை விரிப்பும் சமையலறைத் துண்டும் ஏற்றுமதி செய்கிறவர்கள் பலருக்கு ஆண்டின் முக்கியமான வாரம், ஜனவரியில் பிராங்க்பர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சி வாரம்தான். 2025-இல் அது பொங்கலன்று, ஜனவரி 14-ஆம் தேதி தொடங்கி 17-ஆம் தேதி முடிந்தது. ஸ்டாலுக்கு வந்த பையர்களின், அதாவது நம் சரக்கை வாங்கும் நிறுவனத்தாரின், விசிட்டிங் கார்டுகளோடு ஊர் திரும்பி, ஒவ்வொருவருக்கும் மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், பாதிப் பேருக்கு மேல் பதில் போடுவதில்லை. அவர்களை எப்படி, எத்தனை முறை மீண்டும் கேட்பது என்பதில் எங்கள் தொழிலில் இரண்டு வழக்கங்கள் உள்ளன. மென்பொருளில் ஏழு மெயில்களை முன்கூட்டியே எழுதிவைத்து, பதில் வரும்வரை மூன்று நாளுக்கு ஒன்றாகத் தானாகப் போகவிடுவது ஒன்று. முதல் மெயிலையும் சேர்த்து மூன்றே மெயில்களைக் கையால் எழுதி, அதோடு அந்த சீசனுக்கு நிறுத்திக்கொள்வது மற்றொன்று. மெர்ச்சண்டைசராக இரண்டு முறையிலும் வேலை செய்திருக்கிறேன். நேரில் சந்தித்த பையரிடம் இரண்டாவது முறைதான் சரி என்பது என் முடிவு.

ஏழு மெயில் முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணம் பொய்யல்ல. பையரும் நூற்றுக்கணக்கான ஸ்டால்களைச் சுற்றிவிட்டுத்தான் அலுவலகம் திரும்புகிறார். கண்காட்சிக்கு அடுத்த வாரம் அவருடைய இன்பாக்ஸ் நிரம்பி வழியும். நம் மெயில் கீழே போய்விட்டால் மறுபடி மேலே கொண்டுவர ஏதாவது வேண்டும். ஆனால் ஏழு மெயில்களுக்கும் சொல்ல ஏழு செய்திகள் யாரிடமும் இருப்பதில்லை. ஆகவே மூன்றாவதிலிருந்து எல்லாமே ‘ஜென்டில் ரிமைண்டர்’ ஆகிவிடுகின்றன. மூன்று நாள் இடைவெளியில் நான்கு ரிமைண்டர்கள் வந்தால், முதல் வரியில் எத்தனை பணிவு இருந்தாலும், அது கடன் வசூலிப்பதுபோலத்தான் படிக்கப்படும். எரிச்சலடைந்த பையர் பதில் எழுதமாட்டார். ஸ்பாம் பொத்தானை அழுத்துவார். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது என்பது ஜிமெயிலின் வழிகாட்டுதல், அதாவது ஆயிரத்துக்கு மூன்று. அதைத் தாண்டினால், அதே டொமைனிலிருந்து பழைய வாடிக்கையாளருக்கு நாம் அனுப்பும் இன்வாய்ஸும் ஸ்பாமுக்குப் போகத் தொடங்கலாம். புது ஆளைத் தேடிப்போய், இருக்கிற ஆளிடம் பேசும் வழியை அடைத்துக்கொள்வது பெரிய நட்டம்.

மூன்று மெயில் முறை எப்படி நடக்கிறது என்பதை ஒரு கார்டை வைத்தே சொல்கிறேன். ஜெர்மனியின் ஓர் இறக்குமதி நிறுவனத்துப் பையர் எங்கள் ஸ்டாலில் 50-க்கு 70 சென்டிமீட்டர் வேஃபிள் நெசவுத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்து, ஒரு நிறத்துக்கு ஆயிரம் என்ற எங்கள் குறைந்தபட்ச ஆர்டர் தமக்கு அதிகம் என்றார். விலையை எழுதி அனுப்பச் சொன்னார். அவருடைய கார்டின் பின்புறத்தில் அந்த இரண்டையும் அப்போதே குறித்துக்கொண்டேன். ஜனவரி 22-ஆம் தேதி விலையை அனுப்பினேன். பதில் இல்லை.

இரண்டாவது மெயில் பிப்ரவரி 4, செவ்வாய்க்கிழமை, நம் நேரம் மதியம் ஒன்றரைக்குப் போனது. குளிர்காலத்தில் அங்கே அப்போது காலை ஒன்பது மணி. முந்தைய மெயிலுக்கே ரிப்ளை போட்டு எழுதியதால், விலைப்பட்டியலை அவர் தேட வேண்டியிருக்கவில்லை. ‘என் மெயிலைப் பார்த்தீர்களா’ என்று அதில் கேட்கவே இல்லை. நிறத்துக்கு ஆயிரம் என்ற கணக்கு சாயப்பட்டறையில் ஒரு தடவைக்கு ஏற்றும் நூலின் அளவிலிருந்து வருகிறது. வேறொரு ஆர்டருக்காக அதே சாம்பல் நிற நூல் சாயத்துக்குப் போவதால், அந்த ஒரு நிறத்தில் மட்டும் 600 துண்டுகள் தர முடியும் என்றும், நூல் ஏற்றும் தேதி இன்னது என்றும் நான்கு வரியில் எழுதினேன். ஆயிரம் அதிகம் என்று அவர் ஸ்டாலில் சொன்னதற்கான விடை அதுதான். விடையோடு வரும் மெயிலை யாரும் தொல்லை என்று நினைப்பதில்லை.

அதற்கும் பதில் இல்லாததால், மூன்றாவது மெயிலை மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 25-இல் எழுதினேன். இடைவெளி கூடிக்கொண்டே போக வேண்டும். குறைந்தால் அவசரம் தெரிந்துவிடும். இம்முறை பழைய ரிப்ளையைத் தொடராமல், புதுத் தலைப்பில், இணைப்பும் படமும் இல்லாத வெறும் எழுத்தாக அனுப்பினேன். முதல் மெயிலில் இருந்த பெரிய கேட்டலாக்கால் அது ஸ்பாமில் விழுந்திருந்தால், அதே தொடரில் போகும் ரிப்ளையும் அங்கேயே விழக்கூடும் என்பதுதான் காரணம். (ஒருபோதும் நடக்காத உரையாடலுக்குத் தலைப்பில் ‘Re:’ சேர்க்கும் தந்திரத்தைச் சிலர் செய்கிறார்கள். பையர் அதைக் கண்டுபிடித்த நொடியில் நம் விலையையும் நம்பமாட்டார்.) இந்த சீசனுக்குத் தேவையில்லை என்றால் ஒரு வார்த்தை எழுதினால் போதும், இதை வேறொருவர் பார்க்கிறார் என்றால் அவர் பெயரைச் சொன்னால் போதும், இனி நானாக எழுதித் தொந்தரவு செய்யமாட்டேன் என்பதே அதன் சாரம். இரண்டு நாளில் பதில் வந்தது: கோடைக்கால ரேஞ்ச் முடிவாகிவிட்டது, சமையலறைத் துண்டுகளைச் சக ஊழியர் பார்க்கிறார், செப்டம்பரில் அவருக்கு எழுதுங்கள். ‘இல்லை’ என்று சொல்ல வழி கொடுத்ததால்தான் இந்தத் தகவல் கிடைத்தது என்று நம்புகிறேன்.

மெயிலை விட்டு போனுக்கோ வாட்ஸ்அப்புக்கோ மாறுவது மூன்றாவது வழி. துபாய் பையரிடம் இது இயல்பாக இருக்கலாம். ஜெர்மனியில் யோசிக்க வேண்டும். அங்கே முறையற்ற போட்டிக்கு எதிரான சட்டத்தின் 7-ஆம் பிரிவு, முன்கூட்டியே வெளிப்படையான சம்மதம் பெறாத விளம்பர மெயிலை, நிறுவனத்துக்கு அனுப்பினாலும், தொல்லை என்றே வகைப்படுத்துகிறது. நிறுவனத்தை விளம்பரத்துக்காகப் போனில் அழைக்கவும், அவர்கள் சம்மதிப்பார்கள் என்று கருதுவதற்கு நியாயமான காரணமாவது வேண்டும். ‘விலை அனுப்புங்கள்’ என்று பையரே கேட்டது கார்டின் பின்புறம் எழுதப்பட்டிருப்பதன் மதிப்பு இங்கேதான். டைரக்டரியில் முகவரி எடுத்த, முன்பின் தெரியாத ஜெர்மன் நிறுவனத்துக்கு மூன்று என்ன, முதல் மெயிலே சிக்கல்தான். மற்ற நாடுகளிலும் அறிமுகமில்லாதவருக்கு ஒரு மெயிலும் ஒரு நினைவூட்டலும் போதும்.

மென்பொருள் ‘திறக்கப்பட்டது’ என்று காட்டுவதை நம்பிப் போன் செய்வது எல்லாவற்றிலும் மோசம். மெயிலுக்குள் ஒளித்துவைத்த சிறு படம் தரவிறங்குவதைத்தான் அது எண்ணுகிறது. 2021 முதல் ஆப்பிளின் மெயில் செயலி, பயனர் அனுமதித்திருந்தால், மெயிலைத் திறக்காதபோதும் அந்தப் படத்தைத் தானே இறக்கிக்கொள்கிறது. பார்க்காத மெயிலை ‘பார்த்தீர்களே’ என்று சொன்னால் பையருக்குக் கோபம் வரும். உண்மையிலேயே பார்த்திருந்தால், தம்மை யாரோ வேவு பார்த்ததாகத் தோன்றும்.

சக ஊழியரின் பெயரையும் ‘செப்டம்பர்’ என்பதையும் அந்தக் கார்டிலேயே எழுதிவைத்தேன். அதுவரை அந்த நிறுவனத்துக்கு எந்த மெயிலும் போகவில்லை. செப்டம்பரில் அவருக்கு எழுதியபோது, முதல் வரியில் அனுப்பச் சொன்னவர் யார் என்பதும், இரண்டாவது வரியில் 600 துண்டுக் கணக்கும் இருந்தன.