30 நாள் கெடுவா, 10 நாளில் கொடுத்தால் 2% தள்ளுபடியா? இரண்டையும் போட்டுப் பார்த்தபின் எழுதுவது

கோவையில் மோட்டார் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் சின்னப் பட்டறை எங்களுடையது. ஒரு வருடம் முழுக்க ஐந்து பார்ட்டிகளுக்கு "2/10 net 30" என்று பில்லில் போட்டுக் கொடுத்தேன். இப்போது அதை எடுத்துவிட்டு வெறும் "net 30" மட்டும் போடுகிறேன். ஏன் மாற்றினேன் என்பதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம். நெட் 30 என்றால் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள், எதையும் கழிக்காமல், முழுத் தொகையும் வர வேண்டும். ஞாயிறும் விடுமுறையும் அந்த 30-க்குள் சேர்த்தி. ஜூன் 3 பில்லுக்குக் கெடு ஜூலை 3. 2/10 நெட் 30 என்றால் அதே கெடுதான், ஆனால் 10 நாளுக்குள், அதாவது ஜூன் 13-க்குள் கொடுத்தால் 2% கழித்துக்கொள்ளலாம். 14-ஆம் தேதி கொடுப்பவருக்குத் தள்ளுபடி கிடையாது.

2% என்றதும் சின்னதாகத் தெரிகிறது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அந்த 2%-ஐக் கொடுத்து நான் வாங்குவது 20 நாள் மட்டும்தான், 10-ஆம் நாளுக்கும் 30-ஆம் நாளுக்கும் நடுவில் உள்ள நாட்கள். வருடத்தில் அப்படிப்பட்ட 20 நாட்கள் 18 முறைக்குமேல் வரும். அதை வருட வட்டியாக்கினால் 37%-ஐத் தொடுகிறது. பார்ட்டி பக்கத்திலிருந்து பார்த்தால் இதைவிட நல்ல பேரம் கிடையாது. வங்கியில் ஓடி என்கிற ஓவர்டிராஃப்ட் கடன் எடுத்தாவது 10-ஆம் நாள் கொடுத்துவிடுவதுதான் அவருக்கு லாபம். கொடுக்கிற இடத்தில் இருப்பவன் நான் என்பதால் எனக்கு அது அப்படியே தலைகீழ்.

ஒரு பில்லை வைத்துப் பார்க்கலாம். சரக்கு 2,00,000 ரூபாய், 18% ஜிஎஸ்டி 36,000, மொத்தம் 2,36,000. தள்ளுபடி சரக்கு விலைக்கு மட்டும் என்று முன்பே பேசியிருந்ததால் 4,000 ரூபாய் கழியும். (இதைப் பேசாமல் விட்டால் பார்ட்டி மொத்தத் தொகைக்கு 2% போட்டு 4,720 கழிப்பார், பில்லிலேயே எழுதிவிடுங்கள்.) என் ஓடி வட்டி 12% என்று வைத்துக்கொண்டால், 2,36,000 ரூபாய் ஒரு நாள் தாமதமாக வருவதற்கு எனக்கு ஆகும் செலவு ஏறக்குறைய 78 ரூபாய். 20 நாளுக்கு 1,550 சொச்சம். அதை மிச்சப்படுத்த 4,000 ரூபாயை விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

அப்படியானால் 2% எப்போதுமே நஷ்டமா? இல்லை. 4,000-ஐ 78-ஆல் வகுத்தால் 51 நாளுக்குமேல் வருகிறது, முதல் 10 நாளையும் கூட்டினால் 61-ஐத் தாண்டுகிறது. தள்ளுபடி இல்லாவிட்டால் 62-ஆம் நாளோ அதற்குப் பிறகோதான் கொடுப்பார் என்ற பார்ட்டி, இதைப் பார்த்து 10-ஆம் நாளே கொடுத்தால் எனக்கு லாபம். என் முடிவை மாற்றியது இந்த ஒரே எண்தான். ஐந்து பேரில் தள்ளுபடியை ஒழுங்காக எடுத்துக்கொண்டவர்கள் இருவர், இருவருமே முன்பு 25, 28 நாளில் தவறாமல் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். பணத்தை இழுத்தடிப்பவர்களிடம் 10-ஆம் நாள் பணம் இருந்தால்தானே தள்ளுபடி அவர்களைக் கவரும்? அவர்களும் தங்கள் வசூலுக்காகக் காத்திருப்பவர்கள். ஆக, நல்ல பார்ட்டிகளுக்குக் காசு கொடுத்தேன், இழுத்தடித்தவர்கள் இழுத்தடித்தபடியே இருந்தார்கள்.

இன்னொரு தொல்லையும் வந்தது. ஒரு பார்ட்டி 26-ஆம் நாள் பணம் அனுப்பினார், 2%-ஐக் கழித்துக்கொண்டே அனுப்பினார். கேட்டால், "உங்க பில் தேதி எங்களுக்குக் கணக்கில்லைங்க, ஜிஆர்என் போட்ட தேதியிலிருந்துதான்" என்றார் அவர்களின் கணக்கர். சரக்கு இறங்கி, இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து, சரக்கு வந்ததற்கான சீட்டான அந்த ஜிஆர்என்-ஐ அவர்கள் போட்டது 17-ஆம் நாள். அந்த 4,000 ரூபாய் லெட்ஜரில் மாதக்கணக்கில் தொங்கியது. அதற்காக ஒரு பார்ட்டியை இழக்க முடியாது என்று கடைசியில் கிரெடிட் நோட் போட்டு முடித்தேன். அதனால் எந்தக் கெடுவைத் தேர்ந்தெடுத்தாலும், நாள் எதிலிருந்து ஓடுகிறது என்பதை பிஓ, அதாவது பர்ச்சேஸ் ஆர்டர், வாங்கும்போதே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

நெட் 30-க்கு நான் சாய்வதற்கு ஜிஎஸ்டியும் ஒரு காரணம். மாதா மாதம் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற வரி ரிட்டர்ன் போடுபவர்கள் ஜூன் மாத பில்களுக்கான வரியை ஜூலை 20-க்குள் கட்ட வேண்டும், பணம் வந்ததா இல்லையா என்பது கணக்கில்லை. ஜூன் 3 பில்லுக்கு ஜூலை 3-இல் பணம் வந்துவிட்டால் பார்ட்டி கொடுத்த 36,000-த்திலிருந்தே வரியைக் கட்டலாம். ஜூன் 28 பில்லுக்கோ கெடு ஜூலை 28, எட்டு நாள் என் கைக்காசு வெளியே நிற்கும். 60 நாள் கெடு கொடுத்தால் எந்தத் தேதி பில்லாக இருந்தாலும் இந்தக் கதிதான். அதனால் மாதத்தின் 20-க்குப் பிறகு முடிகிற சரக்கு என்றால், அவசரமில்லாத பட்சத்தில் பார்ட்டியிடம் கேட்டுக்கொண்டு அடுத்த மாதம் 1-ஆம் தேதி டெலிவரி வைத்து அன்றே பில் போடுகிறேன்.

சட்டமும் கொஞ்சம் துணைக்கு இருக்கிறது. உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்குமேல் கெடு நீட்ட 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் விடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வட்டி கேட்டு நோட்டீஸ் விட்டு அதே பார்ட்டியிடம் அடுத்த ஆர்டர் வாங்குவது கஷ்டம், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 2023-24 நிதியாண்டிலிருந்து வந்த வருமான வரி விதி கொஞ்சம் வேலை செய்கிறது. கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, உண்மையில் கொடுக்கும் வருடத்தில்தான் பார்ட்டி செலவாகக் காட்ட முடியும். உத்யம் எண்ணை பில்லில் அச்சடித்த பிறகு மார்ச் மாதத்தில் அவர்களின் ஆடிட்டரே நிலுவைப் பட்டியல் கேட்டு எனக்குப் போன் செய்தார்.

என் அனுபவம் ஐந்து பார்ட்டி, ஒரே தொழில் என்ற அளவுக்குள்தான். லாப விகிதம் அதிகமாக உள்ளவர்களுக்கும், ஓடி வசதியே இல்லாமல் தனியாரிடம் மாதம் 3 வட்டிக்கு வாங்குபவர்களுக்கும் கணக்கு மாறும். மாதம் 3 வட்டியில் 20 நாளுக்கு 2% ஆகிறது, அதாவது 2/10 கிட்டத்தட்ட சரிக்குச் சரி.

தள்ளுபடியை முழுக்க விட்டுவிடவில்லை. 45, 50 நாளில் கொடுக்கும் ஒரு பார்ட்டிக்கு மட்டும் 1% வைத்திருக்கிறேன். மேலே சொன்ன பில்லில் அது 2,000 ரூபாய், 36-ஆம் நாளைத் தாண்டுபவர் 10-ஆம் நாள் கொடுத்தாலே எனக்குக் கட்டிவிடும். மூன்று பில்லில் இரண்டுக்கு எடுத்துக்கொண்டார். அவர் பில்லில் இப்போது இருக்கும் வரி இது: "கெடு: பில் தேதியிலிருந்து 30 நாள், 3.7.க்குள். 13.6.க்குள் வங்கிக் கணக்கில் வரவானால் சரக்கு மதிப்பில் மட்டும் 1% தள்ளுபடி." நாள் எண்ணிக்கையோடு தேதியையும் போட்ட பிறகு, எதிலிருந்து எண்ணுவது என்று அவர்கள் அலுவலகத்திலிருந்து போன் வருவது நின்றுவிட்டது.