கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் உளைச்சல்: 17,400 ரூபாய் வாங்கிக்கொண்டு 'டெங்கு இல்லை' என்று அனுப்பிவிட்டார்கள். ஹட்டன் பக்கத்து ஆட்கள் கவனம்!

கொழும்பில் பிள்ளைகளை வேலைக்கு விட்டிருக்கிற தோட்டத்து வீட்டுக்காரர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். இடத்தின் பெயரைப் போடவில்லை, முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். கீழே பாமசி, மேல்மாடியில் லேப், பின்பக்கம் நாலு கட்டில். அந்த மாதிரி இடம் எல்லா டவுனிலும் ஒன்று இருக்கிறது.

காய்ச்சல்காரன் என் அக்கா மகன், புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை. லீவில் வீட்டுக்கு வந்த மறுநாள், ஞாயிறு பின்னேரம், திடீரென்று உடம்பு கொதித்தது. மூக்கு ஒழுகவில்லை, இருமல் இல்லை. "கண்ணைத் திருப்ப முடியலம்மா, உள்ளுக்குள்ள யாரோ அமுக்குற மாதிரி இருக்கு"ன்னு சொல்லியிருக்கிறான். இடுப்பு, தொடை, முழங்கால் எல்லாம் உளைச்சல். திங்கட்கிழமை பின்னேரம் அக்கா அவனைத் த்ரீவீலில் ஏற்றி அங்கே கொண்டுபோனார்.

ஏன் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கேட்காதீர்கள். அக்காவுக்குச் சிங்களம் சரியாக வராது. இங்கே வெள்ளைக் கோட் போட்டவர் தமிழில், "அக்கா, பயப்படாதீங்க, நம்ம ஊர்க் குளிருக்கு டெங்கு நுளம்பு தாங்குமா? இது பயணக் களைப்புக் காய்ச்சல், உங்க புள்ள நாளைக்கே எழும்பி நடப்பான்"னு தோளைத் தட்டிச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் அக்கா நம்பிவிட்டார். பிறகு டொக்டர் ஃபீஸ் 2,500, இரத்தப் பரிசோதனைகள் 5,400, விட்டமின் சேலைன் 4,500, கட்டிலுக்கு 1,500, மருந்து 3,500. மொத்தம் 17,400 ரூபாய். கொழுந்து பறிக்கிற கைக்கு ஏறக்குறைய ரெண்டு கிழமைச் சம்பளம் அது.

முதலில் அந்தக் 'குளிர்' கதை. நுளம்பு கடித்து 4 முதல் 10 நாளில்தான் டெங்குக் காய்ச்சல் தொடங்கும். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்றால் கடி கொழும்பில் விழுந்திருக்கிறது. ஹட்டன் குளிருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? மலைநாட்டில் காய்ச்சல்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "போன ரெண்டு கிழமை எங்கே இருந்தாய்?" என்பதுதான். கொழும்பு மட்டுமல்ல, கண்டி, கம்பளைப் பக்கம் என்றாலும் அதே யோசனை வர வேண்டும். அங்கே ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

இனி வலி. நான் காய்ச்சல் வார்டில் தாதியாக வேலை செய்கிறவள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். "தலைவலி இருக்கா?" என்று கேட்டால் எல்லாக் காய்ச்சல்காரரும் ஆம் என்பார்கள். "எங்கே என்று கையை வைத்துக் காட்டு" என்று கேளுங்கள். தடிமன், பீனிசக்காரர் நெற்றியை, கன்னத்து எலும்பைத் தொடுவார், குனிந்தால் பாரம் கூடும் என்பார். டெங்குக்காரர் பெரும்பாலும் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு இமைமேல் விரலை வைப்பார். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடம் வலம் திருப்பச் சொல்லுங்கள். கண்குழியின் ஆழத்தில் வலி சுள்ளென்று கூடும், முகம் சுளிப்பார். வெளிச்சத்தைப் பார்க்கவும் பிடிக்காது.

எலும்புக்குள் வலி என்று சொன்னாலும் எலும்பில் கேடு ஒன்றும் கிடையாது. தசையும் மூட்டும் சேர்ந்து நோகிற வலி அது. இடுப்பிலும் முதுகின் அடியிலும் தொடையிலும் முழங்காலிலும் அதிகமாக இருக்கும். படுக்கையில் புரளும்போதே முனகுவார்கள். முழங்காலைத் தொட்டுப் பாருங்கள். நோகும், ஆனால் வீங்கியிருக்காது. மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கி, விரலை மடக்க முடியாமல் இருந்தால் சிக்குன்குனியாவை நினைக்க வேண்டும். கெண்டைக்காலை மெதுவாக அமுக்கினதும் துள்ளுகிறார், கண் வெள்ளையும் சிவந்திருக்கிறது, வயலிலோ சேற்றுக் காணிலோ இறங்கி வேலை செய்தவர் என்றால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு, தாமதிக்கவும் முடியாது.

இன்னொன்று. டெங்கில் முகமும் கழுத்தும் நெஞ்சும் சிவக்கும். நம்முடைய நிறத்துக்கு அது சட்டென்று தெரியாது. உள்ளங்கையை நெஞ்சில் அழுத்தி எடுங்கள். கைபட்ட இடம் வெளிறி ஒரு கணம் நின்று, பிறகு பழைய நிறத்துக்கு வரும். வார்டில் இதைத்தான் முதலில் பார்ப்போம்.

ஆனால் கண்வலியை மட்டும் வைத்து டெங்கு என்று முடிவுகட்ட முடியாது, இன்புளுவென்சாவிலும் கண் நோகும். வலி சந்தேகத்தைத்தான் தரும். சந்தேகம் வந்தால் அடுத்தது இரத்தப் பரிசோதனை, அங்கேதான் இவர்கள் ஆட்டத்தைக் காட்டினார்கள்.

ரிப்போட்டில் 'டெங்கு நெகட்டிவ்' என்று பெரிதாக எழுதி அடியில் கோடு வேறு போட்டிருந்தது. செய்தது ஐஜிஎம், ஐஜிஜி பரிசோதனை. அது வைரசுக்கு எதிராக உடம்பு உண்டாக்குகிற எதிர்ப்பொருளைத் தேடுவது. ஐஜிஎம் பெரும்பாலும் ஐந்தாம் நாள் அளவில்தான் தெரிய ஆரம்பிக்கும். காய்ச்சல் தொடங்கி இருபத்திநாலு மணித்தியாலத்தில் அதைச் செய்தால் நெகட்டிவ் வராமல் என்ன வரும்? ஆரம்ப நாட்களில் தேட வேண்டியது வைரசின் சொந்தப் புரதத்தை, என்எஸ்1 பரிசோதனை. அதுவும் நெகட்டிவ் வந்தால் டெங்கு இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. அன்றைக்குச் செய்யவே கூடாத பரிசோதனையைச் செய்து, அதன் பலத்தில் ஒரு பிள்ளையைப் பயமில்லாமல் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அதே தாளின் அடியில் எஃப்பிசி, அதாவது இரத்த அணுக்களை எண்ணுகிற பரிசோதனை இருந்தது. வெள்ளை அணு 3,800, பிளேட்லெட் 168,000, இரத்தம் எவ்வளவு தடிப்பு என்று காட்டுகிற எச்சிடி 41. "பிளேட்லெட் நல்லா இருக்கு" என்றாராம் அந்த மனுஷன். டெங்கில் பிளேட்லெட் முதலில் விழாது, வெள்ளை அணுதான் முதலில் இறங்கும். 4,000க்குக் கீழே 3,800 என்று அந்தத் தாளே சொல்லிக்கொண்டிருந்தது. கண்வலியும் கொழும்புப் பயணமும் சேர்ந்தால் மறுநாளும் எஃப்பிசி எடு என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

அதற்குப் பதிலாகக் கொடுத்தது டைக்குளோபினக் ஊசி, வீட்டுக்கு அதே மருந்தில் மாத்திரை, கூடவே அன்டிபயோட்டிக். வலி அரை மணித்தியாலத்தில் குறைந்தது. "பாத்தீங்களா அக்கா"ன்னு சிரித்தாராம். டெங்கில் டைக்குளோபினக், இபுபுரூபன், மெஃபனமிக், அஸ்பிரின் எதையும் தொடக்கூடாது. அவை இரைப்பையின் உட்சவ்வைப் புண்ணாக்கும், மிஞ்சியிருக்கிற பிளேட்லெட்டின் வேலையையும் கெடுக்கும், இரத்தம் கசிய வழி திறந்துவிடும், சிறுநீரகத்துக்கும் கெடுதி. மலத்துவாரத்தில் வைக்கிற டைக்குளோபினக் மருந்தும் அதேதான், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இறங்க அதை வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்டிபயோட்டிக் வைரசை ஒன்றும் செய்யாது. 4,500 ரூபாய் விட்டமின் சேலைனுக்கு அவசியமே இல்லை, பையன் வாயால் நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை பின்னேரம் காய்ச்சல் விட்டது. அக்கா சாமிக்குத் தேங்காய் உடைத்தார். அன்று இரவு வாந்தி, வயிற்று வலி, கை கால் சில்லென்று ஆனது, சிறுநீர் போகவில்லை. டெங்கின் கொடூரமே இதுதான். காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரைக்கும் கசியும். வியாழன் விடிய ஆஸ்பத்திரியில் எடுத்த எஃப்பிசியில் வெள்ளை அணு 2,100, பிளேட்லெட் 58,000, எச்சிடி 50. நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பது என்றால் நூற்றுக்கு இருபதுக்கு மேல் ஏற்றம். இரத்தம் தடித்துவிட்டது, கசிவு நடக்கிறது என்று அர்த்தம். இரண்டு நாள் மணிக்கணக்கில் சேலைனை அளந்து அளந்து கொடுத்துப் பையனை மீட்டார்கள், அதுவும் இலவசமாக.

சனிக்கிழமை அந்த இடத்துக்குப் போன் பண்ணினோம். முதல் தடவை "டொக்டர் லீவு". பிறகு "மெஷின்ல வந்ததத்தானே சொன்னோம்". அதற்கு மேலும் கேட்டதும் "டெங்கு அதுக்குப் பிறகு வந்திருக்கும்"னு ஒரு அருமையான விளக்கம்! நேரில் போன மச்சானிடம் பில் எங்கே என்று கேட்டார்கள். 17,400 ரூபாய்க்குப் பில் என்று கொடுத்தது முத்திரையோ கையெழுத்தோ இல்லாத துண்டுக் கடதாசி. "இது எங்க எழுத்து இல்ல"ன்னு சொல்லிவிட்டார்கள். 17,400!

நிறைய எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக:

காய்ச்சலுக்கும் வலிக்கும் பரசிட்டமோல் மட்டும். பெரிய ஆளுக்கு 500 மில்லிகிராமில் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, அதற்கு முன்னால் வேண்டாம். சின்ன உடம்புக்கும் பிள்ளைகளுக்கும் நிறையைப் பார்த்து டொக்டர் சொல்கிற அளவு.

ஜீவனி, கஞ்சி, இளநீர், பால். பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டரை லீட்டர் அளவு. சிவப்பு, கபில நிறப் பானம் வேண்டாம், வாந்தியில் இரத்தம் வந்தால் தெரியாமல் போகும்.

மூன்றாம் நாளுக்குள் எஃப்பிசி, பிறகு தினமும். பழைய தாளை எறியாதீர்கள், எச்சிடி ஏறுகிறதா என்று ஒப்பிட அது வேண்டும்.

காய்ச்சல் விட்ட பிறகு வாந்தி, வயிற்று வலி, கை கால் குளிர்வு, தூக்கக் கலக்கம், ஆறு மணித்தியாலம் சிறுநீர் இல்லை, எங்கிருந்தாவது இரத்தம், கறுப்பு மலம் – இதில் ஒன்று வந்தாலும் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

பரிசோதனைக்குக் காசு கொடுக்கும்போது எந்தப் பரிசோதனை என்று பெயரோடு எழுதி முத்திரை குத்திய பில் வாங்குங்கள். முத்திரை இல்லையென்றால் காசை மேசையில் வைக்காதீர்கள்.