திறைசேரி முறியை வைத்திருந்து பார்த்ததில்: வட்டி ஏறினால் விலை ஏன் இறங்குகிறது?

2021 முதல் கையில் ஓர் இலங்கைத் திறைசேரி முறி வைத்திருக்கிறேன். அரசாங்கத்துக்குப் பல வருடங்களுக்குக் கடன் கொடுத்ததற்கான பத்திரம்தான் அது. அரச பத்திரங்களை வாங்கி விற்கும் முதனிலை வணிகர் ஒருவர் ஊடாக வாங்கியது. ஆண்டுக்கு 10 சதவீதக் கூப்பன், அதாவது மாறாத வட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாதி பாதியாகக் கணக்கில் விழும். அந்தப் பக்கத்தில் குறையே சொல்ல முடியாது. 2022 இல் நாடு தடுமாறியபோதும் கூப்பன் காசு தவறவில்லை.

ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அப்புறம் சும்மா விலை விசாரித்தபோது, 100 ரூபாய் முறிக்கு 70 கூடத் தேறாது என்றார்கள். “அரசாங்கத்தின்ர பத்திரம் எப்படியப்பா விலை குறையும்?” என்று மச்சான் கேட்டார். அவருக்கு வெள்ளவத்தையில் வீடு இருப்பதால் அதை வைத்தே விளக்கினேன்.

வீட்டை 5 வருட ஒப்பந்தத்தில் மாதம் 50,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். இடையில் கூட்ட முடியாது. கொஞ்ச நாளில் அதே ஒழுங்கையில் வாடகை ஒரு லட்சமாகிவிடுகிறது. இப்போது அந்தக் குடியிருப்பாளரோடு சேர்த்து வீட்டை விற்கப் போனால், வாங்க வருபவர் பழைய விலை தருவாரா? பக்கத்து வீட்டை வாங்கினால் இரண்டு மடங்கு வாடகை வருமே! வீட்டுச் சுவரில் ஒரு கீறல் இல்லை, குடியிருப்பவரும் முதலாம் தேதியே காசு கட்டுகிறார். இருந்தும் விலையைக் குறைத்தால்தான் ஆள் வரும். ஒப்பந்தம் முடிய ஒரு வருடம்தான் பாக்கி என்றால் கொஞ்சம் குறைத்தாலே போதும்.

முறியிலும் இதேதான், கணக்கை மட்டும் துல்லியமாகப் போடலாம். 10 சதவீதக் கூப்பன், 100 ரூபாய் முதல் திரும்பும் முதிர்ச்சிக்கு 5 வருடம் பாக்கி, சந்தை கேட்பது 20 சதவீதம் என்று வைப்போம். விலை ஏறத்தாழ 69.30 ரூபாய்க்கு இறங்கும். அந்த விலைக்கு வாங்குபவருக்கு வருடாந்தம் வரும் 10 ரூபாய் கூப்பன் 14 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். மீதி வருமானம், முடிவில் 100 ரூபாயாகத் திரும்பும்போது கிடைக்கும் 30 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்து வருகிறது. அதே முறிக்கு ஒரு வருடம் மட்டும் பாக்கி என்றால் விலை 91.30 அளவில் நிற்கும். நீண்ட கால முறி அதிகம் ஆடுவது இதனால்தான்.

2023 ஜூனில் கொள்கை வட்டியைக் குறைக்கத் தொடங்கியபின் விலைகள் எதிர்த் திசையில் ஏறின. 20 சதவீதத்துக்கு மேல் வாங்கிப் பிடித்தவர்களுக்கு நல்ல வேட்டை. நான் முதிர்ச்சிவரை வைத்திருக்கும் ஆள். 100 ரூபாய் முழுதாக வரும். அதற்காக எனக்கு நட்டமே இல்லை என்று சொன்னால் அது பொய். சந்தையில் 20 கிடைத்த காலத்தில் 10 வாங்கிக்கொண்டு இருந்தேன்.

இடையில் காசு தேவைப்படலாம் என்றால், அரசாங்கத்தின் குறுகிய காலப் பத்திரமான 364 நாள் திறைசேரி உண்டியலோடு நிற்பது நல்லது. முறியை இடையில் விற்பதானால், வணிகர் வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் சேர்த்தே கேளுங்கள். சிறு தொகைக்கு அந்த இடைவெளி நன்றாகவே கடிக்கும்.