பதவி உயர்வு பெற்றவருக்கு என்ன எழுதலாம்? ஒரே பெறுநருக்கு நான்கு வரைவுகள்

கடலூர் சிப்காட்டில் ஒரு வேதிப்பொருள் ஆலையின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அதே ஆய்வகத்தில் அவருக்கு மூத்தவராக இருந்து வேலை கற்றுக்கொடுத்த பெண்மணி ஒருவர், பிறகு புதுச்சேரிப் பக்கம் ஒரு மருந்து நிறுவனத்துக்குப் போய்விட்டார். இப்போது அங்கே தர உறுதிப் பிரிவின் மேலாளராக உயர்ந்திருக்கிறார். இளைஞருக்கு இன்றைக்கு அவரிடம் ஆகவேண்டிய காரியம் எதுவும் இல்லை. விட்டுப்போன பேச்சைத் திரும்பத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஒரே பெறுநருக்கு எழுதக்கூடிய வரைவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு கேள்விகளால் அளந்து பார்க்கலாம். படிப்பவரால் "நன்றி" என்பதற்கு அடுத்து இரண்டாவது வாக்கியம் ஒன்றை எழுத முடிகிறதா? "இவனுக்கு என்னிடம் என்ன வேண்டும்?" என்ற ஐயம் அவருக்கு எழாமல் இருக்கிறதா?

முதல் வரைவு லிங்க்ட்இன் தானாகவே எடுத்துக் கொடுக்கும் ஒற்றை வரி வாழ்த்து. ஒருமுறை தட்டினால் போய்விடும். அவருக்கு வந்து குவியும் ஒரே மாதிரியான வரிகளுள் ஒன்றாகிவிடும். பதிலும் ஒரு தட்டலாகவே திரும்பி வரும். கருத்தரங்கில் ஒருமுறை சந்தித்து அட்டை மாற்றிக்கொண்டவருக்கு இது போதும், தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாழ்த்தை அனுப்பச் சொல்லும் அறிவிப்பு பதவி உயர்ந்த நாளில் வருவதில்லை, அவர் தம் பக்கத்தைத் திருத்திய பிறகுதான் வருகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் கிடைத்த பதவியை இன்றைக்குத்தான் அவர் பக்கத்தில் ஏற்றியிருக்கலாம். ஆகவே எந்த வரைவை அனுப்புவதானாலும், தேதியையும் பதவிப் பெயரையும் அவருடைய பக்கத்திலேயே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது, நம் ஊரில் அதிகம் புழங்குவது:

"மரியாதைக்குரிய மேடம் அவர்களுக்கு, தங்களின் அயராத உழைப்புக்கும் தன்னலமற்ற சேவைக்கும் கிடைத்த இந்த உயர்வு எங்கள் அனைவருக்கும் கிடைத்த பெருமை. தாங்கள் மேலும் பல சிகரங்களைத் தொட எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறேன்."

திருமண மண்டபத்து வாசலில் கட்டும் பேனருக்கு இந்த நடை பொருந்தும். இதில் அந்த மேடத்தைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. பெயரை மாற்றி வட்டாட்சியருக்கும் வங்கி மேலாளருக்கும் அனுப்பலாம். கும்பிடும் கைகளைப் போட்டு நன்றி சொல்வதைத் தவிர அவர் இதற்கு வேறென்ன எழுதுவார்? அத்துடன், புகழ்ச்சி கூடக் கூட ஐயமும் கூடுகிறது. ஆண்டுக்கணக்கில் பேசாதிருந்தவர் திடீரென்று சிகரங்களைப் பற்றி எழுதினால், சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்றுதான் யாருக்கும் தோன்றும்.

மூன்றாவது வரைவு பார்வைக்கு மிக இயல்பானது: "வாழ்த்துகள் மேடம்! ஒருநாள் பாண்டி பக்கம் வரும்போது ஒரு காபி சாப்பிடலாமா? உங்களிடம் நிறையப் பேச வேண்டும்." உதவி எதுவும் கேட்கவில்லையே என்று எழுதியவர் நினைப்பார். ஆனால் அவருடைய நேரத்தைக் கேட்டாயிற்று. பழைய பொறுப்புகளை ஒப்படைத்துக்கொண்டும் புதியவற்றை ஏற்றுக்கொண்டும் இருக்கும் முதல் சில வாரங்களில் அவரிடம் இல்லாத ஒரே பொருள் அதுதான். "நிறையப் பேச வேண்டும்" என்ற வரியோ, எதைப் பற்றி என்று சொல்லாததால், வேலை கேட்கத்தான் வருகிறான் என்ற ஊகத்துக்கே கொண்டுபோய் விடும். "ட்ரீட் எப்போ?" என்பதும் இதன் உறவுதான். ஒரே ஷிஃப்டில், ஒரே கம்பெனி பஸ்ஸில் போய்வருபவர்களுக்குள் அது செல்லும், இங்கே செல்லாது.

நான்காவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். அதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு, இரண்டில் எது என்பதுதான் உண்மையில் யோசிக்க வேண்டியது. முதல் வடிவம் கேள்வி இல்லாதது:

"வாழ்த்துகள் மேடம். தர உறுதிப் பிரிவின் மேலாளர் ஆகியிருப்பதை லிங்க்ட்இனில் பார்த்தேன், மிகவும் மகிழ்ச்சி. ஹெச்.பி.எல்.சி. முன்னால் நிற்கும்போது 'பேஸ்லைன் சீராகும்வரை இன்ஜெக்‌ஷன் போடாதே' என்று நீங்கள் சொன்னதை, இப்போது புதிதாக வரும் பயிற்சியாளர்களுக்கு நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் இந்தக் கருவியைப் பழகியவர்களுக்கு அந்த வரியின் எடை தெரியும். கரைப்பான் கலவை கருவியின் பிரிப்புக் குழாய் வழியாக ஓடி, திரையில் கோடு ஆடாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு மாதிரியைச் செலுத்தினால் கோடு மேலோ கீழோ நழுவிக்கொண்டே போகும், கோட்டில் எழும் சிகரங்களின் பரப்பளவை நம்ப முடியாது, அரை நாள் வேலை வீணாகும். மேடம் அதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்பது அவருக்கே நினைவிருக்காது. ஆனால் அது ஒருவரிடம் தங்கி, அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பது அவருக்குப் புதிய செய்தி. "உங்களிடம் நிறையக் கற்றுக்கொண்டேன்" என்ற வரியால் இது முடியாது. வேறு யாருக்கும் அனுப்ப முடியாத ஒரு வாக்கியமாவது செய்தியில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்; அது இருந்தால் புகழ்ச்சியைச் சேர்க்க வேண்டிய தேவையே வராது. பயிற்சியாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலையில் இப்போது தாம் இருப்பதையும் இளைஞர் போகிற போக்கில் தெரிவித்துவிடுகிறார். தம்மைப் பற்றி இதற்குமேல் ஒரு சொல் கூட்டினாலும் அது விண்ணப்பத்தின் வாடையடிக்கும்.

இரண்டாவது வடிவத்தில் இதே செய்தியின் கீழே ஒரு கேள்வி வருகிறது:

"இத்தனை ஆண்டு சாம்பிளைச் சோதித்த கைக்கு, இப்போது பேட்ச் ரெக்கார்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை. இதில் எது பழக அதிக நாள் ஆகிறது மேடம்?"

மருந்து ஆலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு மாதிரியை எடுத்துச் சோதிக்கும். தர உறுதிப் பிரிவு, அந்தச் சோதனை முடிவும் உற்பத்தி ஆவணங்களும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்து, பேட்ச் வெளியே போகலாமா என்று முடிவு செய்யும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியவர் இந்த வேறுபாட்டைப் பற்றி ஏற்கெனவே யோசித்துக்கொண்டுதான் இருப்பார். பதில் அவர் தலைக்குள் தயாராக இருக்கிறது. யாரையும் விசாரிக்க வேண்டாம், யாரிடமும் சொல்லி வைக்க வேண்டாம், இரண்டு வரியிலும் முடிக்கலாம், இருபது வரியும் எழுதலாம்.

இதைப் போலவே தோன்றும் வேறு கேள்விகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். "உங்கள் பழைய இடத்துக்கு யார் வருகிறார்கள் மேடம்?" என்பது காலியிடத்தை விசாரிப்பது. "தர உறுதிப் பிரிவுக்கு மாற என்ன தகுதி வேண்டும்?" என்பது வழிகாட்டச் சொல்லும் கோரிக்கை, நியாயமான கோரிக்கைதான், ஆனால் வாழ்த்துக்குள் ஒளிந்து வரக் கூடாது. கேள்வி அவருடைய அனுபவத்தைத் தொடுகிறதா, அவருடைய நாற்காலியைத் தொடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இன்னும் இரண்டு வரிகள் மரியாதை போலத் தோன்றிக் கெடுதல் செய்யும். "எனக்கு உங்களிடம் எந்த உதவியும் வேண்டாம், சும்மாதான் எழுதினேன்" என்பது, அதுவரை எழாத ஐயத்தை எழுப்பிவிடும். "நேரம் கிடைக்கும்போது பதில் சொல்லுங்கள்" என்பது, பேச்சுவாக்கில் கேட்ட கேள்வியை அவர் முடிக்க வேண்டிய வேலையாக்கிவிடும். இரண்டையும் வெட்டிவிடலாம்.

சேர்ந்து வேலை செய்து பழகியவருக்குக் கேள்வியோடு அனுப்புவதே மேல் என்பது என் கருத்து. பழக்கம் மெலிதாக இருந்தால் கேள்வி இல்லாத வடிவமே தக்கது. அரசு ஊழியரானால் கூடுதல் கவனம் வேண்டும். புதுச்சேரி அரசுப் பணியில் பதவி உயர்வோடு காரைக்காலுக்கோ, கேரளக் கரையில் இருக்கும் மாஹேவுக்கோ, காக்கிநாடா பக்கத்து ஏனாமுக்கோ பணியிடம் மாறி வரலாம். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போது ஏனாமுக்கு உத்தரவு வந்த வீட்டில் வாழ்த்தைவிடக் கவலைதான் பெரிதாக இருக்கும். அங்கே "புது இடம் எப்படி இருக்கிறது?" என்ற எளிய கேள்விகூடக் குத்தும். உத்தரவு கைக்கு வருமுன் காதில் விழுந்ததை நம்பி வாழ்த்துவதும் அவரைச் சங்கடத்தில் நிறுத்தும்.

எதில் அனுப்புவது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. மேடம் தாமாகவே கொடுத்த எண் இருந்தால் வாட்ஸ்அப், இல்லையென்றால் லிங்க்ட்இன். பழைய ஆய்வகக் குழுவில் போட்டால் அடுத்தடுத்து விழும் பூங்கொத்துப் படங்களுக்கு அடியில் கேள்வி புதைந்துவிடும். நேரே தொலைபேசியில் அழைத்தால், அவர் கூட்டத்தில் இருந்தாலும் அக்கணமே பேச வேண்டிய நெருக்கடி வரும். முதல் இரண்டு நாள் வாழ்த்து வெள்ளம் வடிந்த பிறகு, பகலில் அனுப்பலாம். இளைஞர் ஒருவர் பெண் மேலாளருக்கு இரவு பத்து மணிக்கு எழுதுவது, உள்ளே என்ன இருந்தாலும், நன்றாக இராது. அனுப்பியபின் தர உறுதிக்குப் பதில் தரக் கட்டுப்பாடு என்று எழுதியிருப்பது தெரிந்தால் வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். திருத்திய அடையாளம் தெரிந்தால் தெரியட்டும், தவறான பதவிப் பெயரைவிட அது மேல்.

பதில் மூன்று விதமாக வரலாம். "நன்றி தம்பி" என்று மட்டும் வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். விட்ட கேள்வியை நினைவூட்டக் கூடாது. "கருவி சொல்றதை நம்பிப் பழகிட்டேன் தம்பி, இங்க ஆள் எழுதினதை நம்பணும், ஒரு தேதி விட்டுப்போனாலும் பேட்ச் நிக்கும்" என்பது போல வந்தால் பேச்சு தொடங்கிவிட்டது. தம் ஆய்வகத்தின் பதிவேட்டில் தேதி விட்டுப்போன ஒரு சிறிய நிகழ்ச்சியைச் சொல்லி, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த செய்தியை அவர் எழுதட்டும்.

மூன்றாவது விதம்தான் சிக்கலானது. "இன்னும் அங்கேதான் இருக்கியா? இங்க ஆள் எடுக்கப்போறாங்க, சொல்லட்டுமா?" என்று அவரே கேட்டுவிட்டால், மாற எண்ணமில்லாதவர் "கேட்டதற்கே நன்றி மேடம். இப்போதைக்கு இங்கேயே இருக்கிறேன், தேவைப்பட்டால் நேராகவே உங்களிடம் சொல்கிறேன்" என்று எழுதலாம். மாற எண்ணம் இருப்பவர் இருக்கிறது என்றே சொல்லிவிடுவது நல்லது. முன்வந்து கேட்டவரிடம் மூடி மறைத்துப் பேசுவது அவரை ஏமாற்றுவதாகிவிடும். ஆனால் எழுத உட்காரும்போதே வேலை தேடிக்கொண்டிருப்பவருக்கு நான்காவது வரைவின் இரண்டாவது வடிவம் ஏற்றதல்ல. பத்து நாள் கழித்து அவர் தன்விவரக் குறிப்பை அனுப்பும்போது அந்தக் கேள்வி தூண்டிலாக மாறித் தெரியும். அவர் கேள்வி இல்லாத வாழ்த்தை அனுப்பிவிட்டு, சில நாள் கழித்துத் தனிச் செய்தியில் "வேலை மாற நினைக்கிறேன் மேடம், உங்கள் நிறுவனத்தில் வாய்ப்பு இருந்தால் சொல்ல முடியுமா?" என்று வெளிப்படையாகவே கேட்கட்டும்.