வறுத்த இரண்டாம் நாளா, பன்னிரண்டாம் நாளா?

ஒரே நாளில் வறுத்த இரண்டு 250 கிராம் காபிக்கொட்டைப் பொட்டலங்கள். இரண்டும் சிக்கமகளூர் அராபிகா. ஒன்று லைட் ரோஸ்ட், மற்றொன்று எண்ணெய் மினுக்கும் டார்க் ரோஸ்ட். புதுசு என்றால் சுவை அதிகம் என்று நம்பி மறுநாளே லைட் ரோஸ்ட் பொட்டலத்தைப் பிரித்தேன். மணம் வீட்டையே தூக்கியது. குடித்தால் சப்பென்று இருந்தது. நாக்கில் ஒரு கூர்மையான புளிப்பு, அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

காரணம் கொட்டைக்குள் இருக்கும் வாயு. வறுபடும்போது உள்ளிருக்கும் சர்க்கரையும் அமிலங்களும் சிதைந்து கார்பன் டை ஆக்ஸைடு உண்டாகிறது. அதில் ஒரு பகுதி கொட்டையின் நுண்துளைகளில் மாட்டிக்கொண்டு, நாள் கணக்கில், சிலசமயம் வாரக் கணக்கில் மெல்ல வெளியேறுகிறது. பொட்டலத்தில் சிறு வால்வு வைப்பது இதற்குத்தான். இல்லாவிட்டால் பை பலூன் போல உப்பிவிடும். இந்த வாயு நிறைந்த தூளில் வெந்நீர் படும்போது வாயு வெளியே பாய்கிறது, நீர் உள்ளே போக முடியவில்லை. வழி கிடைத்த இடத்தில் மட்டும் நீர் வழுக்கி ஓடிவிடும். முதலில் கரைகிற புளிப்பு கோப்பைக்கு வருகிறது; அதன்பின் வரவேண்டிய இனிப்பும் கனமும் தூளிலேயே தங்கிவிடுகின்றன.

கூம்பு வடிகட்டியில் இது கண்ணுக்கே தெரியும். 15 கிராம் தூளில் முதலில் 45 கிராம் வெந்நீர் ஊற்றுகிறேன். இரண்டாம் நாளில் தூள் குபுகுபுவென்று பொங்கி, ஒரு நிமிடம் கழிந்தும் குமிழி அடங்கவில்லை. பன்னிரண்டாம் நாளில் அதே தூள் அழகாக மேடு கட்டி, அரை நிமிடத்தில் அடங்கியது. கோப்பையில் ஆரஞ்சுத் தோல் மணமும், கடைசியில் வெல்லம் போன்ற ஓர் இனிப்பும் தெரிந்தன. அரைத்த அளவு, நீரின் சூடு, ஊற்றிய விதம் எதையும் மாற்றவில்லை.

டார்க் ரோஸ்ட் வேறு கதை. அதிகம் வறுபட்டதால் அதில் வாயு கூடுதல். ஆனால் கொட்டை பொறிந்து துளைகள் விரிந்திருப்பதால் வாயு சீக்கிரமே வெளியேறிவிடும். எனக்கு ஐந்தாம் நாளே நன்றாக இருந்தது, பத்தாம் நாள் வரை தாக்குப்பிடித்தது. மூன்றாம் வாரத்தில் வெளியே கசிந்த எண்ணெயில் பழைய கடலை வாடை வந்துவிட்டது. லைட் ரோஸ்ட் அதே மூன்றாம் வாரத்திலும் நன்றாகத்தான் இருந்தது. ஆகவே 'வறுத்த ஒரு வாரத்துக்குள் குடி' என்ற பொதுவிதி டார்க் ரோஸ்டுக்குப் பொருந்தும். லைட் ரோஸ்டில் அது நல்ல நாட்களுக்கு முன்பே பொட்டலத்தைக் காலி செய்யச் சொல்வது போல.

எஸ்பிரஸ்ஸோ போடுகிறவர்கள் இன்னும் பொறுக்க வேண்டும். அழுத்தத்தில் இந்த வாயு பெரிய தொந்தரவு. நுரை கிளாஸை நிறைக்கும், ஒரு நிமிடத்தில் வடிந்துவிடும். அடியில் மெலிந்த, கரகரப்பான திரவம். அந்த நுரையைப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். லைட் ரோஸ்டில் இரண்டு வாரம் கழித்துத்தான் எஸ்பிரஸ்ஸோ எனக்கு ஒழுங்காக வந்தது.

அப்படியானால் கடையில் சுடச்சுட அரைத்து வாங்கும் நம் ஃபில்டர் தூள் மட்டும் எப்படி உடனே நன்றாக இருக்கிறது? அரைத்தவுடன் வாயுவின் பெரும்பங்கு சில நிமிடங்களில் போய்விடும். மிச்சம் இருப்பதும் டிகாக்ஷன் மெதுவாக இறங்கி டபராவுக்கு வருவதற்குள் பெரும்பாலும் வெளியேறிவிடும். சிக்கரியும் பாலும் சர்க்கரையும் மீதிக் குறையை மறைத்துவிடும். ஆனால் வாயு போகிற வழியில் மணமும் போகிறது. தூள் ஒரு வாரத்தில் களைத்துவிடும்.

இதையே குறுக்குவழியாக்கலாம். இரண்டாம் நாள் கொட்டையை அரைத்து, இருபது நிமிடம் திறந்து வைத்துவிட்டு வடித்துப் பார்த்தேன். புளிப்பு அடங்கியது, நீர் சீராக இறங்கியது. ஆனால் ஆரஞ்சுத் தோல் மணம் அடுக்களையிலேயே நின்றுவிட்டது, கோப்பைக்கு வரவில்லை. விருந்தாளி வாசலில் நின்றால் இதைச் செய்வேன், மற்றபடி காத்திருப்பேன். அந்த இருபது நிமிடமும் காத்திருக்க மனமில்லையென்றால், முதல் ஊற்றலுக்குப் பின் ஒன்றரை நிமிடம் விட்டு, கரண்டியால் ஒரு கலக்கு கலக்கினாலும் ஓரளவு தேறும்.

ஒரு குழப்பம்: பழசாகிப்போன கொட்டையும் சப்பென்றுதான் இருக்கும். இரண்டையும் நாக்கை வைத்துப் பிரிப்பது கடினம், முதல் ஊற்றலை வைத்துப் பிரிக்கலாம். பொங்கித் தள்ளினால் இன்னும் பொறுக்க வேண்டும். ஈரமண் மாதிரி அசையாமல் கிடந்தால் தாமதித்துவிட்டோம்.

நான் இப்போது லைட் ரோஸ்டைப் பத்தாம் நாளில் பிரித்து, பாதியைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். குளிரில் எல்லாமே மெதுவாகிறது. வெளியே எடுத்தால் டப்பா அறைச்சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறப்பதில்லை. திறந்தால் கொட்டையில் ஈரம் பூத்துவிடும்.