இருபது விநாடி அறிமுகம்: பயோடேட்டாவா, பிரியாணியா, வாக்கியக் கணக்கா?

கேள்வித்தாள் தயாரிப்பு பற்றி ஆசிரியர்களுக்கு ஜூமில் ஐந்து நாள் பயிற்சி. முதல் நாளே எங்களை ஐந்தைந்து பேராகப் பிரித்து பிரேக்கவுட் அறைகளுக்கு அனுப்பினார்கள். "ஆளுக்கு இருபது விநாடி அறிமுகம், அப்புறம் வேலையை ஆரம்பியுங்கள்." அந்த ஐந்து நாளில் மூன்று விதமாக அறிமுகம் செய்து பார்த்தேன்.

முதலாவது, நம் எல்லோருக்கும் மனப்பாடமான பயோடேட்டா. "வணக்கம். என் பெயர் இன்னார். எம்.எஸ்ஸி., பி.எட். அரசு மேல்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். பதினாறு வருட அனுபவம். வாய்ப்புக்கு நன்றி." இதில் தவறே கிடையாது, தயாரிக்கவும் வேண்டாம். ஆனால் என் அறையில் ஐந்து பேரும் இதையேதான் சொன்னோம். முடிந்ததும் யாருக்கும் யாரிடமும் கேட்க ஒன்றும் இல்லை. "சரி, என்ன செய்யச் சொன்னாங்க?" என்று ஒருவர் கேட்கும்வரை மௌனம்தான்.

இரண்டாவது நாள் சுவாரசியத்தை முயன்றேன். பெயரும் பாடமும் சொல்லிவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிரியாணி என் கையால்தான், கணக்கு மட்டும் தப்பாது, உப்பு தப்பும்" என்றேன். நேரில் சொல்லியிருந்தால் நாலு பேர் சிரித்திருப்பார்கள். இங்கே எல்லோரும் மியூட்டில் இருந்தார்கள், இரண்டு பேரின் கேமரா அணைந்திருந்தது. அவர்கள் சிரித்திருக்கலாம், எனக்குக் கேட்கவில்லை. பதற்றத்தில் அந்த நகைச்சுவைக்கு விளக்கமும் சொல்லி நேரத்தைத் தின்றேன். முன்னால் பேசியவர் இறுக்கமாகப் பேசியிருந்தால் இது இன்னும் மோசமாக விழும். ஒரே குழு ஐந்து நாளும் சேர்ந்திருந்தால் மூன்றாம் நாளில் இது எடுபடலாம். எங்கள் குழுவைத் தினமும் கலைத்துப் போட்டார்கள்.

மூன்றாவதுதான் நின்றது. வேலையையும் அதில் இருக்கும் ஒரே ஒரு சிக்கலையும் சொல்வது:

"வணக்கம், நான் இன்னார். பட்டுக்கோட்டைப் பக்கம், பத்தாம் வகுப்புக் கணக்கு. சமன்பாடாகக் கொடுத்தால் பிள்ளைகள் போட்டுவிடுகிறார்கள். அதையே வாக்கியமாகக் கொடுத்தால் பாதிப்பேர் விட்டுவிடுகிறார்கள். வாக்கியக் கணக்கை எப்படி எழுதினால் தொடுவார்கள் என்று தெரிந்துகொள்ள வந்தேன். அடுத்து அறிவியல் சார், நீங்கள் சொல்லுங்கள்."

போனில் ஓடவிட்டுப் பார்த்தேன், நிதானமாகப் பேசினால் ஏறக்குறைய இருபது விநாடி. "வாக்கியமாகன்னா எவ்வளவு நீளம் மேடம்?" என்று உடனே ஒருவர் கேட்டார். அறிமுகம் வேலை செய்ததா என்று அறிய எனக்கு இந்த அடையாளம் போதும்.

அந்தக் கடைசி வரியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நேரில் வட்டமாக உட்கார்ந்தால் அடுத்தது யார் என்று தெரியும். ஜூமில் கட்டங்களின் வரிசை ஒவ்வொருவர் திரையிலும் வேறு மாதிரி இருக்கும். ஆளைச் சொல்லிக் கைமாற்றாவிட்டால் இரண்டு பேர் ஒன்றாகத் தொடங்கி, "நீங்க பேசுங்க", "இல்லை, நீங்க பேசுங்க" என்பதிலேயே ஒருவரின் பங்கு நேரம் போய்விடும்.

இந்த முறையிலும் ஆபத்து உண்டு. சிக்கல் இரண்டாகிவிட்டால் அறிமுகம் புலம்பலாகிவிடும். ஒரு சக ஆசிரியை பாடத்திட்டத்தில் ஆரம்பித்துப் பேருந்து வசதிவரை போனார், ஒன்றரை நிமிடம். அப்புறம், அறையில் மேலதிகாரி இருந்தால் நான் பயோடேட்டாவுக்கே திரும்பிவிடுவேன். அங்கே நம் சிக்கல், பள்ளியைப் பற்றிய புகாராகக் கேட்கும்.

எந்த முறை என்றாலும் பேசப்போவதைத் துண்டுச்சீட்டில் எழுதி வைப்பது நல்லது. தன் முறை வருவதற்குச் சற்றுமுன் மற்றவர் பேசியது மனதில் நிற்பதில்லை என்று மால்கம் பிரென்னர் என்ற உளவியலாளர் 1973-இலேயே சோதித்து எழுதியிருக்கிறார். நாம் உள்ளுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்போம் அல்லவா! சீட்டு கையில் இருந்தால் முந்தையவரைக் கொஞ்சமாவது கேட்கலாம்.

பெயரைக் காதில் மட்டும் விட்டால் போதாது. அறைக்குள் எல்லோரும் ஒரே நொடியில் வந்து சேர்வதில்லை. முதலில் பேசுபவரின் பெயர் கடைசியாக வருபவருக்குக் கிடைக்காது. அதனால் பிரிப்பதற்கு முன்பே, பிரதான அறையில் இருக்கும்போதே Rename அழுத்திப் பெயரையும் பாடத்தையும் போட்டுவிடுங்கள். முதல் நாள் என் கட்டத்தில் மகனின் பெயரும் "7 ஆ" என்ற வகுப்பும் இருந்தன. அவனுடைய ஆன்லைன் வகுப்புக்குப் போட்டது.

கடைசி நாள் மறுபடியும் அந்த அறிவியல் சாருடன் ஒரே அறையில் விழுந்தேன். என் பெயர் கட்டத்திலேயே இருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. "அட, வாக்கியக் கணக்கு மேடம்! நான் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன்" என்று ஆரம்பித்தார்.