ஏ.எம்.சி. புதுப்பிக்கச் சொல்லிக் கேட்பது: போனா, தானாகப் புதுப்பிக்கும் ஒப்பந்தமா, ஒரு பக்கக் கடிதமா?

"வருசம் முழுக்க 51 மணித்தியாலம் ஓடினதுக்கு 96 ஆயிரமோ, தம்பி?"

நல்லூர்ப் பக்கம் கலியாண மண்டபம் வைத்திருக்கும் ஐயா ஒருவர் கேட்ட கேள்வி இது. அவருடைய 60 கே.வி.ஏ. டீசல் ஜெனரேற்றரை நாங்கள்தான் பராமரிக்கிறோம். ஏ.எம்.சி. என்ற வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் 2025 ஜூலை 31இல் முடிய இருந்தது. அவர் சொன்ன கணக்கும் சரிதான். மணித்தியால மீற்றர் 1,412இல் தொடங்கி 1,463இல் நின்றது.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது இப்படி யாரும் கேட்கவில்லை. அப்போது ஒப்பந்தம் தன்னைத்தானே விற்றுக்கொண்டது. இப்போது மெஷின் பெரும்பாலும் சும்மா நிற்கிறது. சும்மா நிற்கிற மெஷினுக்கு ஏன் பணம் என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டுதான் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எந்த வழியில் கேட்பது என்பதில் மூன்றையும் பார்த்துவிட்டேன். நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை. இப்போது கடிதம்தான் அனுப்புகிறேன்.

போன் எடுத்துக் கேட்பது மிக எளிது. பழகிய வாடிக்கையாளர் என்றால் இரண்டு நிமிடத்தில் "சரி, பில்லை அனுப்புங்கோ" என்று முடிந்துவிடும். பல வருடம் அப்படித்தான் செய்தேன். எங்கே தடுக்கியது என்றால், யாழ்ப்பாணத்தில் போனை எடுப்பவரும் பணத்தைத் தீர்மானிப்பவரும் பல நேரம் ஒரே ஆள் இல்லை. இந்த மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் ஐயா. காசு போட்டுக் கட்டியவர் கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் அவருடைய தம்பி. நான் போனில் பத்து நிமிடம் விளக்கியது அங்கே போய்ச் சேரும்போது "ஜெனரேற்றர்காரன் 96 கேட்கிறான்" என்ற ஒரு வசனமாகச் சுருங்கியிருக்கும். அதைக் கேட்டு எந்தத் தம்பியும் உடனே ஓம் சொல்ல மாட்டார்.

தானாகப் புதுப்பிக்கும் ஒப்பந்தம் என்றால், முடிகிற திகதிக்கு 30 நாளுக்கு முன் வேண்டாம் என்று எழுதித் தராவிட்டால் அடுத்த வருடத்துக்கும் தொடரும் என்று ஒரு விதி போட்டுவிடுவது. எங்களுக்கு நிம்மதி. ஆனால் தனி ஆளின் மண்டபத்துக்கோ விடுதிக்கோ போட்டால் முதல் பில் போகிற நாளிலேயே சண்டைதான். தாம் வாசிக்காத விதியைக் காட்டிக் காசு கேட்பதாகவே நினைப்பார்கள். கொழும்பில் தலைமை அலுவலகம் உள்ள நிறுவனங்களுக்கு இது பொருந்தலாம். எனக்கு அப்படி இரண்டே இரண்டு வாடிக்கையாளர்கள். அவர்களும் விலைமனு கேட்டு, ஒப்புதல் வாங்கி, பிறகே ஓடர் தருவதால் விதி இருந்தும் பயனில்லாமல் போனது. இரண்டை வைத்துக்கொண்டு நான் பெரிதாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இனிக் கடிதம். ஒரே பக்கம், ஒப்பந்தம் முடிய 45 நாள் இருக்கும்போது போகும். இந்த மண்டபத்துக்கு 2025 ஜூன் 16ஆம் திகதி கையில் கொடுத்தேன். ஐயா அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் கனடாவுக்கு அனுப்பினார். கடிதத்தின் பெரிய பலம் அதுதான். நான் இல்லாத இடத்தில், நான் சொன்ன சொல் மாறாமல் வாசிக்கப்படும். ஆகவே அதில் எழுதும் ஒவ்வொரு வரியும், என்னைத் தெரியாத, மெஷினைப் பார்க்காத ஒருவர் தானே சரிபார்க்கக்கூடிய வரியாக இருக்க வேண்டும். இதில்தான் நான் முதலில் கோட்டை விட்டேன்.

முதல் வருடக் கடிதத்தில் "எங்கள் பராமரிப்பால் உங்களுக்கு 3 லட்சம் ரூபா மிச்சம்" என்று எழுதினேன். எஞ்சின் பழுதானால் ஆகும் செலவை நானே மனதில் போட்ட கணக்கு அது. இன்னொரு வாடிக்கையாளர் அதைப் பார்த்து, "எந்த 3 லட்சம்? என்ரை கணக்கிலை காணேல்லையே" என்றார். நியாயமான கேள்வி. நடக்காத பழுதுக்கு விலை போட்டால் மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். "4 தடவை வந்தோம், ஒயில் மாற்றினோம்" என்று வேலையை மட்டும் அடுக்குவதும் பெரிதாக உதவாது. வந்ததால் என்ன ஆனது என்பது அதில் இல்லை.

இப்போது அளந்ததை மட்டும், அளந்த திகதியோடு எழுதுகிறேன். அந்த மண்டபத்துக் கடிதத்தின் நடுப்பகுதி இது:

"ஸ்டார்ட் பண்ணும்போது பற்றரி வோல்ற்: ஓகஸ்ட் 10.8, நவம்பர் 10.1, ஜனவரி 18இல் 9.3. 9.6க்குக் கீழே போனதால் அன்றே உங்களிடம் சொல்லி, உங்கள் செலவில் புதிய பற்றரி போட்டோம். பெப்ரவரி 9 ஞாயிறு நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது உங்கள் மண்டபத்தில் ஜெனரேற்றர் தானாக ஸ்டார்ட் ஆகி 4 மணித்தியாலம் ஓடியது."

அந்த ஞாயிறு நினைவிருக்கும். பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று போய் மோதியதாக அமைச்சர் சொன்ன நாள். காலை பதினொரு மணிக்குப் பின் இலங்கை முழுவதும் மின்சாரம் இல்லை. மண்டபத்தில் அப்போது ஒரு சாமத்திய வீடு நடந்துகொண்டிருந்தது. இதையெல்லாம் கடிதத்தில் எழுதவில்லை. பழைய பற்றரி இருந்திருந்தால் நின்றிருக்கும் என்றும் எழுதவில்லை, ஏனென்றால் அது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மிச்சத்தை ஐயாவே தம்பிக்குச் சொல்லியிருக்கிறார், என்னைவிட நன்றாக.

சும்மா நிற்கிற ஜெனரேற்றர் ஸ்டார்ட் ஆகாமல் போனால் முதலில் பார்க்க வேண்டியது பற்றரியைத்தான். பட்டனை அமத்தாமல் வெறுமனே அளந்தால் 12.6 வோல்ற் காட்டும், நல்ல பற்றரி போலவே இருக்கும். ஸ்டார்ட்டர் இழுக்கும் அந்தச் சில நொடியில் எவ்வளவுக்கு விழுகிறது என்பதில்தான் அதன் வயது தெரியும். எங்கள் பட்டறையில் 12 வோல்ற் பற்றரிக்கு 9.6 என்பதை எல்லைக் கோடாக வைத்திருக்கிறோம். ஒரு தடவை அளந்தால் அது வெறும் எண். மூன்று தடவை இறங்கி வருவதைக் காட்டினால், வருடம் முழுக்க ஒருவர் கவனித்திருக்கிறார் என்பது தெரியும். ஒப்பந்தத்தின் பெறுமதி அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது.

51 மணித்தியாலக் கேள்விக்கும் கடிதத்தில் ஒரு பத்தி இருந்தது. ஒயிலை 250 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முந்தி வருகிறதோ அப்போது மாற்றுகிறோம். 51தானே ஓடியது என்று விட முடியாது. பாரம் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தினால் எஞ்சின் நன்றாகச் சூடாகாது. உள்ளே ஈரம் தங்கும், முழுதாக எரியாத டீசல் ஒயிலோடு கலக்கும், புகைக்குழாயில் கறுப்பு எண்ணெய் வழியும். அதனால் ஒவ்வொரு வருகையிலும் மண்டபத்து ஏசிகளைப் போட்டு, குறைந்தது 15 கிலோவாற் பாரத்தில் அரை மணித்தியாலம் ஓட்டுகிறோம். 48 கிலோவாற் தரும் மெஷினுக்கு அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நான்கு வருகைக்கு மீற்றரில் 2 மணித்தியாலம் ஏறியிருக்கும், போய்ப் பார்க்கலாம்.

இன்னொரு வரியையும் சேர்த்தேன். வீட்டில் வேண்டாம் என்றார்கள். "ஏப்ரல் அழைப்புக்கு 4 மணித்தியாலத்தில் வருவதாக ஒப்பந்தம், 7 மணித்தியாலம் பிந்தி வந்தோம், டீசல் ஃபில்டர் கையிருப்பில் இருக்கவில்லை." எழுதாமல் விட்டால் ஐயா போனில் தம்பிக்கு முதலில் சொல்வது அதுவாகத்தான் இருக்கும். நானே எழுதியதால், இனி அந்த மெஷினுக்கு ஒரு ஃபில்டர் செட் மண்டபத்திலேயே இருக்கும் என்பதையும் அதே வரியில் சொல்ல முடிந்தது.

கெடுத் திகதி விசயத்தில் போனும் கடிதமும் வெகுதூரம் விலகி நிற்கின்றன. போனில் "மாதக் கடைசிக்குள் பாருங்கோ" என்போம், அவர்களும் ஓம் என்பார்கள், மாதக் கடைசியும் போய்விடும். பழைய கடிதங்களில் நானும் இரண்டு திகதி போட்டுக் குழப்பினேன், முடிகிற நாள் ஒன்று, பதில் தரும் நாள் ஒன்று. எல்லோரும் பிந்திய நாளைத்தான் பிடித்துக்கொண்டார்கள். இப்போது தடித்த எழுத்தில் ஒரே திகதி: ஜூலை 18, வெள்ளி, மாலை 5 மணி. வெள்ளி என்பதும் வேண்டுமென்றே போட்டதுதான், சனி ஞாயிறு வங்கி இல்லை.

ஏன் அந்த நாள் என்பதையும் கீழே சொன்னேன். ஓகஸ்ட் வருகைகளுக்கான ஃபில்டரும் ஒயிலும் கொழும்பிலிருந்து எடுப்பிக்க, அடுத்த வாரம் நான் ஓடர் போட வேண்டும். ஜூலை 29 நல்லூர்க் கொடியேற்றம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் நிற்கும் காலம், மண்டபங்கள் வெறுமனே கிடக்காது, எங்கள் பெடியளுக்கும் ஓய்வில்லை. காரணம் இல்லாத கெடுவை ஆட்கள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். கெடு தாண்டியும் அதே விலைக்குக் கொடுத்தால் அடுத்த வருடம் யாரும் அதை மதிக்க மாட்டார்கள்.

தாண்டினால் என்ன என்பதும் மிரட்டல் இல்லாமல் இரண்டு வசனத்தில் இருந்தது. ஓகஸ்ட் 1இலிருந்து அழைத்தால் வருவோம், ஆனால் ஒவ்வொரு வருகைக்கும் தனிக் கட்டணம், ஒப்பந்தக்காரருக்குப் பிறகுதான் முறை. 30 நாள் இடைவெளி விழுந்தால், மீண்டும் சேர முன் மெஷினை முழுதாகச் சோதிக்கக் கட்டணம் உண்டு, இடையில் யார் கை வைத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. புதிய விலை 104 ஆயிரம் என்பதையும் கடைசி வரியில் ஒளிக்காமல், கெடுத் திகதிக்குப் பக்கத்திலேயே போட்டேன்.

கடிதத்துக்கு ஒரு குறை உண்டு. அந்தந்த வருகையில் அளந்ததை அன்றே எழுதி வைக்காவிட்டால் ஜூன் மாதம் எழுத எதுவும் இருக்காது. நினைவிலிருந்து எண்களை உருவாக்கத் தோன்றும். சேர்விஸ் புத்தகம் ஒழுங்காக இல்லாதவர்கள் இந்த வருடம் போனிலேயே கேட்டுவிட்டு, இன்றிலிருந்து எழுதத் தொடங்கலாம். இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாவுக்கு சின்ன வீட்டு ஜெனரேற்றர் பார்ப்பவர்களுக்கு இவ்வளவு மினக்கெடத் தேவையும் இல்லை.

ஜூலை 9இல் ஒரு நினைவூட்டல் போட்டேன், கடிதத்தின் அதே படம், புதிதாக எதுவும் எழுதாமல். 11ஆம் திகதி இரவு கனடாவிலிருந்து தம்பியே எடுத்தார். விலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நவம்பரிலேயே 10.1க்கு விழுந்திட்டுதே, அப்பவே ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றுதான் கேட்டார். பதில் இருக்கவில்லை. 16ஆம் திகதி பணம் வந்தது, கூடவே ஒரு நிபந்தனையும்: இனி ஒவ்வொரு வருகை முடிந்ததும் மீற்றரையும் பற்றரி எண்ணையும் படம் எடுத்து அவருக்கு நேரே அனுப்ப வேண்டும்.